மீறல் எந்த நாளில் நடந்தது?

1990 ஜூன் 23. திருகோணமலை அன்புவழிபுரத்தில் ராணுவம் சுற்றிவளைத்துத் தேடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுக்குள் நுழைந்த சிப்பாய்கள், தாயின் கண்ணெதிரிலேயே அவருடைய மகனையும் வேறு மூன்று பேரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து தகப்பனார் முகாம் முகாமாக அலைந்தார், மனு மேல் மனு எழுதினார். அடுத்த ஆண்டு அக்டோபர் 9 அன்று மதியம், அவர் வேலை பார்த்த மருந்துக்கடை வாசலில் மஞ்சள் நிற ராணுவ வண்டி ஒன்று வந்து நின்றது. அதிகாரி ஒருவர் இறங்கி, சில தாள்களை நகல் எடுத்துத் தரும்படி கேட்டு உள்ளே வந்தார். அந்த நேரத்தில் வண்டிக்குள் பார்த்தார் தகப்பனார். உள்ளே அவருடைய மகன் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பேசப் போனவரை, கிட்டே வர வேண்டாம் என்று தலையை அசைத்துத் தடுத்துவிட்டான். அதற்குப் பிறகு அவனைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை.

உள்நாட்டில் பல கதவுகளைத் தட்டிய பிறகு அந்தத் தகப்பனார் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு எழுதினார். ஜெனீவாவில் கூடும் இந்தக் குழு, குடிசார், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை நாடுகள் மதிக்கின்றனவா என்று பார்க்கிற அமைப்பு. இலங்கை 1980-இலேயே அந்த உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது. ஆனால் பாதிக்கப்பட்ட தனிமனிதர் நேரடியாகக் குழுவிடம் முறையிடலாம் என்ற அனுமதி, விருப்ப நெறிமுறை என்னும் தனி ஒப்பந்தத்தின் வழியாகத்தான் கிடைக்கும். அதில் இலங்கை 1997 அக்டோபர் 3 அன்று சேர்ந்தது. மூன்று மாதம் கழித்து அது நடைமுறைக்கு வந்தது. சேரும்போதே ஒரு நிபந்தனையும் போட்டது: நெறிமுறை நடைமுறைக்கு வந்த பிறகு நிகழும் செயல்கள், செய்யத் தவறியவை, நிகழ்வுகள் பற்றி மட்டுமே குழு விசாரிக்கலாம்.

மகனைப் பிடித்துச் சென்றது 1990-இல். குழுவுக்கு அதிகாரம் பிறந்தது 1998 ஜனவரியில். தேதிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் மனு முதல் பக்கத்திலேயே தள்ளுபடி ஆகியிருக்க வேண்டும். ஆனால் 2003 ஜூலை 16 அன்று குழு இலங்கைக்கு எதிராக முடிவு சொன்னது. நடந்தது 1990 ஜூனில் தொடங்கியது உண்மைதான், ஆனால் அது அன்றே முடிந்துபோன காரியம் அல்ல, 1998-க்குப் பிறகும் நடந்துகொண்டே இருந்தது என்பதுதான் அந்த முடிவின் அடித்தளம்.

சர்வதேசச் சட்டத்தில் இதைத் தொடர் மீறல் என்கிறார்கள். ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2001-இல் அரசுகளின் பொறுப்பு பற்றிய விதிகளைத் தொகுத்து முடித்தது. அதன் 14-வது விதி மீறல்களை இரண்டாகப் பிரிக்கிறது. சில மீறல்கள் செய்த கணத்திலேயே முடிந்துவிடும், அவற்றின் விளைவு எத்தனை ஆண்டு நீடித்தாலும் சரி. வேறு சில, அந்த நிலைமை இருக்கும் வரைக்கும், சட்டக் கடமைக்கு மாறாக அது நீடிக்கும் வரைக்கும், நடந்துகொண்டே இருக்கும். ஒருவரைச் சுட்டுக் கொன்றால் அது முதல் வகை. மரணம் நிரந்தரம்தான், ஆனால் கொலை என்ற செயல் அந்த நொடியோடு முடிகிறது. ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்தால் அது இரண்டாம் வகை. ஒவ்வொரு நாளும் அடைத்து வைத்திருக்கிறார்கள், ஆகவே ஒவ்வொரு நாளும் மீறுகிறார்கள்.

வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் ஏன் இரண்டாம் வகையில் வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தக் குற்றத்துக்கு இரண்டு பாதிகள் உண்டு. ஒருவரைப் பிடித்துச் செல்வது ஒரு பாதி. பிடித்துச் சென்றதை ஒப்புக்கொள்ளாமல், ஆள் எங்கே, என்ன ஆனார் என்பதை மறைப்பது மறு பாதி. முதல் பாதி ஒரு காலையில் முடிந்துவிடும். மறு பாதிக்கு முடிவு என்பது, உண்மையைச் சொல்லும் நாள்தான். திருகோணமலை வழக்கில், இளைஞரை ராணுவ அதிகாரி ஒருவர் பிடித்துச் சென்றதை இலங்கை அரசு மறுக்கவில்லை. மேலதிகாரிகளுக்குத் தெரியாமல், தன் அதிகாரத்தை மீறிச் செய்துவிட்டார் என்றுதான் வாதாடியது. சீருடையில் இருந்தவர் அதிகாரத்தை மீறிச் செய்தாலும் அது அரசின் செயல்தான் என்று குழு அந்த வாதத்தை ஒதுக்கியது. மகனுக்கு இழைத்த மீறலோடு, தகவல் தராமல் தாயையும் தகப்பனையும் ஆண்டுக்கணக்கில் வதைத்ததும் தனி மீறல் என்றது. அந்த வதை 1998-க்குப் பிறகும் குறையவில்லை என்பதை யாரும் நிரூபிக்கத் தேவையிருக்கவில்லை.

ஒரு வேறுபாட்டை இங்கே கவனித்துக்கொள்ள வேண்டும். 1990-இல் நடந்ததும் உடன்படிக்கைக்கு எதிரானதுதான், ஏனெனில் இலங்கை 1980-இலிருந்தே அதற்குக் கட்டுப்பட்டிருந்தது. தவறு அன்றே தவறாகிவிட்டது. தவறைக் கேட்கும் மன்றத்துக்குத்தான் அதிகாரம் பின்னால் வந்தது. கடமை எப்போது பிறந்தது, மன்றத்தின் அதிகாரம் எப்போது பிறந்தது என்று இரண்டு தேதிகள் உண்டு. வழக்கு நிற்குமா என்பது, மீறல் இந்த இரண்டுக்கும் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவேதான் அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் முதல் வேலையாக மீறலை ஒரே நாளுக்குள் அடக்கிவிடப் பார்க்கிறார்கள். மனுதாரர் தரப்போ அதை நீட்டிக் காட்டப் பார்க்கிறது.

நீட்டிக் காட்டுவது எப்போதும் பலிப்பதில்லை. குரோஷியாவின் கடலோர நகரமான ஜடாரில் ஒரு பெண்மணி 1953-இலிருந்து ஒரே குடியிருப்பில் வாழ்ந்துவந்தார். அன்றைய யூகோஸ்லாவிய முறைப்படி அது ஆயுள் முழுக்க இருக்கக்கூடிய பாதுகாக்கப்பட்ட வாடகை உரிமை. 1991 ஜூலையில் இத்தாலியில் இருந்த மகளைப் பார்க்கப் போனார். அவர் போன பின் போர் மூண்டது. நகரத்தைக் குண்டுகள் தாக்கின, தண்ணீரும் மின்சாரமும் நின்றன. அவர் திரும்பவில்லை. தக்க காரணம் இல்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் வீட்டில் இல்லை என்று சொல்லி, உரிமையை ரத்து செய்யக் கோரி 1992 பிப்ரவரியில் நகராட்சி வழக்குப் போட்டது. 1996 பிப்ரவரி 15 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றம் நகராட்சிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1997 நவம்பர் 5 அன்று குரோஷியா ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கைக்குள் வந்தது. 1999 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றமும் அவருடைய முறையீட்டைத் தள்ளியது.

அவர் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். வீடு இன்றைக்கும் கையில் இல்லை, கடைசி தீர்ப்பு 1999-இல்தானே வந்தது என்பது அவருடைய வாதம். 2006 மார்ச்சில் நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 11-க்கு 6 என்ற பெரும்பான்மையில், இதை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றது. உரிமையைப் பறித்தது 1996 தீர்ப்பு, அந்தச் செயல் அன்றோடு முடிந்துவிட்டது. வீடில்லாமல் இருப்பது அதன் விளைவு. 1999 தீர்ப்பு புதிதாக எதையும் பறிக்கவில்லை, பறித்ததை அப்படியே விட்டுவைத்தது, அவ்வளவுதான். பறிப்பு நடந்த பிறகு அதைச் சரிசெய்ய மறுப்பதை வைத்துக் காலக்கோட்டைத் தாண்ட முடியாது என்பது அந்தத் தீர்ப்பு நிலைநாட்டிய விதி.

போருக்குப் பயந்து ஊர் திரும்பாத ஒரு முதியவரிடம் இப்படிச் சொல்வது கொடுமையாகத் தெரிகிறது. எனக்கும் அப்படித்தான் படுகிறது. மறுத்து எழுதிய ஆறு நீதிபதிகளுக்கும் இது எளிதாக இருந்திருக்காது. ஆனாலும் பெரும்பான்மை சொன்னதில் நியாயம் உண்டு. விளைவு நீடிக்கும் வரை மீறலும் நீடிக்கிறது என்று ஏற்றுக்கொண்டால், நூறாண்டுக்கு முந்தைய ஒவ்வொரு நிலப்பறிப்பும் இன்றைய வழக்காகிவிடும். அதன்பின் எந்த அரசும் துணிந்து இத்தகைய ஒப்பந்தங்களில் கையெழுத்திடாது. கையெழுத்து இல்லாவிட்டால் திருகோணமலைத் தகப்பனாருக்கும் மன்றம் கிடைத்திருக்காது.

இதே நீதிமன்றம், வீடிழந்த இன்னொரு பெண்ணுக்கு நேர்மாறாகச் சொல்லியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கோடு எங்கே விழுகிறது என்பது புரியும். சைப்ரஸ் நாட்டின் வடக்கே கைரீனியாவில் அவருக்குச் சொந்த நிலங்கள் இருந்தன. 1974-இல் துருக்கிப் படை இறங்கிய பிறகு அவரால் அங்கே போக முடியவில்லை. துருக்கி இந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றது 1990 ஜனவரி 22 அன்று, அதுவும் அதற்குப் பிந்தைய நிகழ்வுகளுக்கு மட்டும். வடக்கில் அமைந்த நிர்வாகம் 1985-இல் தனக்கென ஓர் அரசியல் சாசனத்தை இயற்றி, கைவிடப்பட்ட சொத்துகளைத் தன்னுடையவை என்று அறிவித்துவிட்டது, ஆகவே பறிப்பு 1985-இலேயே முடிந்துபோனது என்பது துருக்கியின் வாதம். ஜடார் வழக்கில் வென்ற வாதத்தின் அதே வடிவம்தான் இது.

இங்கே அது தோற்றது. அந்த நிர்வாகத்தைத் துருக்கியைத் தவிர உலகில் யாரும் அரசாக ஏற்கவில்லை, ஆகவே அதன் சாசனத்துக்குச் சொத்துரிமையை மாற்றும் சட்ட வலு கிடையாது என்றது 1996 டிசம்பர் தீர்ப்பு. சட்டத்தின் கண்ணில் நிலம் இன்னும் அவருடையதுதான். உரிமையாளரை அவருடைய நிலத்துக்குள் விடாமல் படை தடுக்கிறது என்றால், அந்தத் தடுப்பு ஒவ்வொரு நாளும் புதிதாக நடக்கிறது, 1990-க்குப் பின்னும் நடக்கிறது. ஜடாரில் உரிமையே ஒரு தீர்ப்பால் முறிந்துபோனது. கைரீனியாவில் உரிமை முறியவே இல்லை, அனுபவிப்பது மட்டும் தடைப்பட்டது. ஒரு வழக்கைக் கையில் எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: உரிமையை அறுத்த ஒற்றைச் செயலை நாளோடு சுட்டிக் காட்ட முடியுமா? முடிந்தால் அது அன்றே முடிந்த மீறலாகத்தான் பெரும்பாலும் கொள்ளப்படும். உரிமை உயிரோடிருக்க, அதைத் தடுக்கும் நிலைமை மட்டும் நீள்கிறது என்றால் அது தொடர் மீறல்.

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் சிறிதாகத் தெரியும், சில சமயம் சட்டத்துக்கு உட்பட்டதாகக்கூடத் தெரியும் செயல்கள், ஒன்றுசேரும்போது பெரிய குற்றமாகிவிடும். இனவொதுக்கலும் திட்டமிட்ட பாகுபாடும் அப்படிப்பட்டவை. ஆணைய விதிகளில் 15-வது விதி இதைப் பற்றியது. இதைத் திரள் மீறல் என்று சொல்லலாம். மீறல் நிறைவேறும் நாள், குற்றத்தின் உருவம் முழுமையாவதற்குப் போதுமான கடைசிச் செயல் சேரும் நாள். ஆனால் நிறைவேறிய பிறகு, அதன் காலம் தொடரின் முதல் செயலிலிருந்தே கணக்காகும். கடமை நடுவில் பிறந்திருந்தால், பிறந்த பின் நடந்த முதல் செயலிலிருந்து கணக்கு. அதற்கு முந்தையவை மீறலின் பகுதியாகாது, ஆனால் நோக்கத்தை விளக்கும் சாட்சியமாகப் பயன்படும்.

அந்தக் கடைசி வாக்கியம் நடைமுறையில் என்ன செய்கிறது என்பதை ருவாண்டா ஊடக வழக்கு காட்டியது. அது அரசு மீதான வழக்கு அல்ல, தனிநபர்கள் மீதான குற்ற வழக்கு. ஆனால் காலக்கோட்டுச் சிக்கல் ஒன்றேதான். ருவாண்டாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் 1994 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை நடந்தவற்றை மட்டுமே விசாரிக்கலாம். டுட்ஸி மக்களுக்கு எதிராகக் காங்குரா பத்திரிகை 1990-இலிருந்தே வெறுப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. 1993-இல் தொடங்கிய ஒரு வானொலியும் சேர்ந்துகொண்டது. இனப்படுகொலைக்குத் தூண்டுவது, தூண்டியது நிறைவேறும் வரை தொடரும் குற்றம், ஆகவே பழைய இதழ்களும் கணக்கில் வரும் என்றது முதல் தீர்ப்பு. 2007 நவம்பரில் மேல்முறையீட்டு அமர்வு அதை ஏற்கவில்லை. தூண்டும் சொல் அச்சில் வந்த, அல்லது ஒலிபரப்பான கணத்திலேயே அந்தக் குற்றம் முடிந்துவிடுகிறது, அதைக் கேட்டவர்கள் பின்னால் கொல்வது விளைவு. எனவே தூண்டுதல் குற்றத்துக்குத் தண்டிப்பதற்கு 1994-இன் சொற்கள் மட்டுமே அடிப்படையாகலாம். முந்தைய இதழ்களை, பேசியவர்களின் மனதில் என்ன இருந்தது என்று அறிவதற்கு மட்டும் படிக்கலாம். அப்படிப் படித்த பிறகும், 1994-இன் ஒலிபரப்புகளே குற்றத்தை நிலைநாட்டப் போதுமானவையாக இருந்தன.

இனி காலவரம்பு. மீறல் தொடர்கிறது என்றால் மனுப் போட எவ்வளவு காலம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தர்க்கம் அப்படித்தான் போகிறது. ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றத்தில் உள்நாட்டின் இறுதி முடிவிலிருந்து முன்பு ஆறு மாதம், இப்போது நான்கு மாதத்துக்குள் மனு வர வேண்டும். அன்றே முடிந்த மீறலுக்கு இந்தக் கெடு கறாரானது. தொடர் மீறலில் கெடு ஒவ்வொரு நாளும் புதிதாகப் பிறக்கும், நிலைமை முடிந்த பிறகுதான் உண்மையில் ஓடத் தொடங்கும்.

ஆனால் காணாமல் ஆக்கப்பட்டோர் வழக்குகளில் நீதிமன்றம் இந்தத் தர்க்கத்தை முழுதாக விட்டுவைக்கவில்லை. 1974-இல் சைப்ரஸில் காணாமல்போன ஒன்பது பேரின் குடும்பங்கள் 1990 ஜனவரி 25 அன்று மனுக்களைக் கொடுத்தன. துருக்கி நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்று அப்போது மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. 2009 செப்டம்பரில் பெரிய அமர்வு, என்ன ஆனார்கள் என்று விசாரிக்கும் கடமை இன்னும் தொடர்கிறது, துருக்கி அதை மீறிக்கொண்டே இருக்கிறது என்று அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கூடவே ஓர் எச்சரிக்கையும் கொடுத்தது. தொடர் மீறல்கள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. காலம் போகப் போகச் சாட்சிகள் மறைவார்கள், தடயங்கள் அழியும். ஆகவே குடும்பங்களும் காரணமின்றித் தாமதிக்கக் கூடாது. விசாரணை நகரும் என்ற நம்பிக்கைக்கு இடமிருக்கும் வரை காத்திருக்கலாம். பத்தாண்டு கடந்துவிட்டால், விசாரணையில் உருப்படியான முன்னேற்றம் ஏதோ நடந்துகொண்டிருந்தது என்று காட்டினாலொழியத் தாமதத்துக்கு நியாயம் கிடைக்காது. சைப்ரஸைப் பொறுத்தவரை, இருந்த ஏற்பாடுகளால் பயனில்லை என்பது 1990 முடிவதற்குள்ளாவது தெரிந்திருக்க வேண்டும் என்றது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்து மனுப் போட்ட வேறு சில குடும்பங்களை அதே நீதிமன்றம் சில மாதங்களில் திருப்பி அனுப்பியது. அதே போர், அதே வகைக் கொடுமை. மனு வந்த ஆண்டு மட்டும் வேறு.

ஜெனீவாக் குழுவிலும் நிலைமை ஏறக்குறைய அதுதான். உள்நாட்டு வழிகள் முடிந்து ஐந்தாண்டுக்கு மேலாகியோ, வேறொரு சர்வதேச மன்றத்தில் முடிவு வந்து மூன்றாண்டுக்கு மேலாகியோ வரும் மனுவை, முறையிடும் உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவதாகக் குழு கருதலாம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஏற்கும். இந்தியா விருப்ப நெறிமுறையில் சேரவில்லை. தமிழ்நாட்டில் இருப்பவர் இந்திய அரசுக்கு எதிராக அந்தக் குழுவிடம் போக வழியில்லை.

அரசுகளும் இந்தக் கோட்பாட்டின் வலிமையை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கின்றன. வலிந்து காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கை 2010-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 8-வது பிரிவு, குற்றவாளி மீதான காலவரம்பு, குற்றம் முடிந்த பிறகே ஓட வேண்டும் என்கிறது. தொடர் குற்றம் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் இல்லை. ஆனால் அதே உடன்படிக்கையின் 35-வது பிரிவு, அதைக் கண்காணிக்கும் குழுவின் அதிகாரத்தை, உடன்படிக்கை அந்த நாட்டில் நடைமுறைக்கு வந்த பிறகு தொடங்கிய காணாமல் ஆக்கல்களோடு நிறுத்திவிடுகிறது. அதில் இருக்கும் சொல் தொடங்கிய என்பது, தொடர்கிற என்பது அல்ல. இலங்கை 2016-இல் இதில் சேர்ந்தது. அதற்கு முன் காணாமல்போன ஆயிரக்கணக்கானோர் இன்றுவரை திரும்பாவிட்டாலும், அவர்களுக்காக அந்தக் குழுவின் கதவு திறக்காது. கடமை ஒரு பக்கம் தொடர்வதாக எழுதிவிட்டு, கேட்கும் மன்றத்தை மட்டும் தேதி போட்டு அடைத்திருப்பது நேர்மையான ஏற்பாடு அல்ல என்பதே என் கருத்து.

திருகோணமலைத் தகப்பனாருக்குக் கிடைத்த முடிவு, முறையான விசாரணை நடத்து, மகன் உயிரோடிருந்தால் விடுவி, இழப்பீடு கொடு என்று இலங்கையிடம் சொன்னது. 2006-இல் வேறொரு வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம், 1997-இல் விருப்ப நெறிமுறையில் சேர்ந்ததே அரசியல் சாசனத்துக்கு முரணானது, உள்நாட்டில் அதற்குச் சட்ட வலு இல்லை என்று கூறிவிட்டது. ஜெனீவாக் குழு தொடர்ந்து மனுக்களை வாங்குகிறது. முடிவுகளை நடைமுறைப்படுத்துவது கொழும்பின் கையில் இருக்கிறது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் மனுக் கொடுத்தீர்கள், யார் வாங்கினார்கள், என்ன பதில் வந்தது, அல்லது பதிலே வரவில்லை என்பதற்கான நகல்களையும் ரசீதுகளையும் பத்திரமாக வையுங்கள். மீறல் இன்னும் நடக்கிறது என்பதற்கும், நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கும் மன்றத்தின் முன் அவைதான் சான்று. பதில் வராமல் ஆண்டுகள் ஓடுவதாகத் தெரிந்தால், இன்னொரு ஆணைக்குழுவுக்காகக் காத்திருக்காமல் இப்போதே வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.